மணிவிழாவில் பேரப்பிள்ளைகளின் வாழ்த்து: எழுதுவது, பழக்குவது, மேடையில் சொல்ல வைப்பது

அறுபது வயதுக்காரருக்குப் பேரப்பிள்ளைகள் என்றால் பெரும்பாலும் மூன்று வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடைப்பட்டவர்கள். எண்பதாம் ஆண்டு விழாவில் பேரப்பிள்ளைகளே மண்டபத்தை ஒழுங்கு செய்வார்கள், பேச்சையும் தாங்களே எழுதுவார்கள். மணிவிழாவில் அப்படி நடக்காது. எழுதிக் கொடுப்பது தாயோ, மாமாவோ, சித்தியோதான். மணிவிழா வாழ்த்தில் வருகிற பிழைகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது: பெரியவர்கள் தங்கள் பேச்சை எழுதிப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுகிறார்கள். எட்டு வயதுப் பொடியன் "எம் குலம் தழைக்க வந்த குன்றிலிட்ட தீபமே" என்று ஒப்புவிப்பான், சபை கைதட்டும், அம்மப்பா சிரிப்பார். அவரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இருக்காது.

திருகோணமலையில் பேரப்பிள்ளைகளின் வாழ்த்தை முதன்முறையாக ஒழுங்கு செய்யப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். சடங்கைப் பற்றித் தேவையான அளவுக்கு மட்டும் சொல்லியிருக்கிறோம்.

முதலில் யாருக்கு, எந்த நாளில் என்று கேளுங்கள்

தமிழ் வருடங்கள் அறுபது. பிரபவவில் தொடங்கி அட்சயவில் முடிந்து திரும்பவும் சுற்றி வரும். 1966 ஆனியில் பிறந்தவர் பராபவ வருடத்தில் பிறந்தவர். 2026 சித்திரையில் மறுபடியும் பராபவ பிறக்கிறது. அந்த வருடம், அதே மாதத்தில், அவருடைய பிறந்த நட்சத்திரம் வருகிற நாளில் சாந்தி, அபிஷேகம், மாலை மாற்றல் எல்லாம் நடக்கும். அது ஆங்கிலத் திகதிப்படி வரும் பிறந்தநாளிலிருந்து சில நாட்கள் முன்பின்னாக விழுவது சாதாரணம். ஐயர் குறித்துத் தந்த நாளை வீட்டுப் பெரியவரிடம் கேட்டுக்கொள்ளாமல் "இன்று பிறந்தநாள் காணும்" என்று அட்டையில் அடித்துவிட்டால் திகதி பொருந்தாது. நாள் வேறு என்றால் "மணிவிழாக் காணும்" என்று எழுதுங்கள்.

அடுத்தது, வாழ்த்து ஒருவருக்கா இருவருக்கா என்பது. கணவருக்கு அறுபது நிறைந்து அறுபதாம் கல்யாணம் நடந்தால் மணவறையில் இருவரும் இருக்கிறார்கள். அம்மப்பாவை மட்டும் புகழ்ந்துவிட்டு இறங்கினால் பக்கத்தில் மாலையோடு இருக்கிற அம்மம்மா வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பார். எல்லாப் பிள்ளைகளின் பேச்சிலும் அவர் வரவேண்டிய தேவையில்லை. ஒரு பிள்ளையாவது அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், கடைசி வணக்கம் இருவரையும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டும்.

அறுபது வயதாகிறவர் கணவரை இழந்த அம்மம்மாவாக இருந்தால் சடங்கு இருக்காது. கோயிலில் அர்ச்சனை, வீட்டில் சாப்பாடு, பின்னேரம் கேக் என்று நடக்கும். அங்கே "தம்பதியர்", "இணைபிரியாமல்" போன்ற தொடர்கள் ஒன்றும் வரக்கூடாது. கடையில் வாங்கும் அட்டைகளில் இவை முன்கூட்டியே அச்சிடப்பட்டிருக்கும், வாசித்துப் பார்த்து வாங்குங்கள். இல்லாத தாத்தாவை நினைத்து ஒரு வரி சேர்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். மைக்கில் வேண்டாம். அவர் அழுதுவிட்டால் சின்னப் பிள்ளைகளும் சேர்ந்து அழும், பிறகு நிகழ்ச்சியை நிமிர்த்த முடியாது. கையால் எழுதிக் கொடுக்கும் கடிதத்தில் அந்த வரிக்கு இடம் உண்டு.

பாலையூற்றுப் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் நன்றித் திருப்பலி முடிந்து வீட்டிலோ மண்டபத்திலோ கொண்டாட்டம் நடக்கும். இறைவனிடம் வேண்டும் வரியை அவர்கள் முறைப்படி மாற்றிக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் மற்றதெல்லாம் அங்கும் பொருந்தும்.

மரியாதை இரு முனையிலும், பாசம் நடுவில்

மரியாதையும் பாசமும் ஒன்றையொன்று இடிக்காமல் இருக்க ஓர் எளிய வழி, இரண்டையும் ஒரே வசனத்தில் போடாமல் விடுவது. தொடக்க வரியும் கடைசி வரியும் சபைக்குக் கேட்க வேண்டியவை. சம்பந்திகள், அம்மப்பாவின் அண்ணன், அவர் வேலை செய்த கந்தோரிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் பிள்ளை எப்படி அழைக்கிறது, எப்படி வணங்குகிறது என்பதில் மரியாதை தெரிந்துவிடும். நடுவில் வரும் நாலைந்து வரி அம்மப்பாவுக்கு மட்டுமானது. அங்கே பிள்ளை வீட்டில் பேசுகிற மாதிரிப் பேசலாம், பேச வேண்டும். நடுவில் "பெருமதிப்புக்குரிய" என்று ஒன்றைச் செருகினால் பாசம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். கடைசி வரியில் "ஓகே அம்மப்பா, பாய்" என்று முடித்தால் நடுவில் சொன்ன நல்லதெல்லாம் விளையாட்டாகப் போய்விடும்.

இப்படிப் பார்த்தால் ஒரு பிள்ளையின் வாழ்த்தில் நாலு பகுதிதான் இருக்கும். அழைப்பு ஒரு வரி. கண்ணால் பார்த்த ஒன்று, மூன்று அல்லது நாலு வரி. வேண்டுதல் ஒரு வரி. வணக்கம் ஒரு வரி. பல பிள்ளைகள் பேசினால் வேண்டுதலையும் வணக்கத்தையும் மூத்தவரிடம் ஒருமுறை மட்டும் கொடுத்துவிடலாம். ஆளுக்காள் "நீடூழி வாழ வேண்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தால் மூன்றாவது பிள்ளையிலேயே சபை தங்களுக்குள் கதைக்கத் தொடங்கிவிடும்.

அழைப்பில் வீட்டில் கூப்பிடுகிற முறைப் பெயரே வர வேண்டும். அம்மப்பா, அப்பப்பா, தாத்தா, அம்மம்மா, அப்பம்மா, ஆச்சி எதுவாக இருந்தாலும் அதுதான். "எங்கள் பாட்டனார் அவர்களே" என்று பிள்ளை சொன்னால் அவர் யாரையோ கூப்பிடுவதாக நினைத்துத் திரும்பிப் பார்ப்பார். மகள் வழிப் பிள்ளைகள் "அம்மப்பா" என்றும் மகன் வழிப் பிள்ளைகள் "அப்பப்பா" என்றும் கூப்பிடுகிற வீட்டில், ஒவ்வொரு பிள்ளையும் தன் முறையைச் சொல்லட்டும். சேர்ந்து சொல்லும் கடைசி வரியில் இரண்டு பெயரையும் சொல்லுங்கள். ஒன்றை விட்டால் அந்தப் பக்கத்தார் கவனிக்காமல் இருக்கமாட்டார்கள்.

"நீங்கள்" என்று தொடங்கினால் முடியும்வரை "நீங்கள்"தான். "தாங்கள்" பத்திரிகை அழைப்பிதழுக்குப் போதும். இங்கே நடக்கிற வழக்கமான பிழை வேறு: தொடக்கத்தில் "நீங்கள்" என்று நேரே பேசிவிட்டு, நடுவில் சபையைப் பார்த்து "அவர் எங்களைக் கூட்டிக்கொண்டு போவார்" என்று மாறி, பிறகு மறுபடி "உங்களை" என்று வருவது. பெரியவர்கள் எழுதிக் கொடுத்த பேச்சில் இது நிறைய வரும், ஏனென்றால் எழுதுகிறவர் அவரைப் பற்றி எழுதுகிறார், பிள்ளை அவரோடு பேசுகிறது. பிள்ளை அம்மப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். சபைக்கு மைக் போதும்.

பிள்ளையிடம் எப்படிக் கேட்பது

விழாவுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக இருத்தி, போனில் குரல் பதிவைப் போட்டுவிட்டுக் கதை கேளுங்கள். "அம்மப்பாவை உனக்கு ஏன் பிடிக்கும்?" என்று கேட்டால் "நல்லவர்" என்ற ஒற்றைச் சொல்தான் வரும். பெரியவர்களாலேயே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. இப்படிக் கேளுங்கள்: அம்மப்பா காலையில் எழும்பி முதலில் என்ன செய்வார்? உன்னோடு மட்டும் என்ன செய்வார்? எங்கே கூட்டிக்கொண்டு போவார், வழியில் எங்கே நிற்பார்? எதற்குக் கோபிப்பார்? அடிக்கடி என்ன சொல்லுவார்? கேள்வி செயலைப் பற்றியதாக இருந்தால் பதிலும் செயலாக வரும்.

பதிவைத் திரும்பக் கேட்டு, பிள்ளை சொன்ன சொல்லையே எழுதுங்கள். திருத்தவேண்டியது இரண்டே இரண்டு: வசனம் பாதியில் நின்றால் முடித்து வையுங்கள், மரியாதை விகுதி தவறினால் சரிசெய்யுங்கள். "நிண்டா", "எண்டு", "கதைக்கேக்க" எல்லாம் அப்படியே இருக்கட்டும். அதை "நின்றால்", "என்று", "கதைக்கும்போது" என்று மாற்றிய உடனே பிள்ளை மனனம் செய்யத் தொடங்கும். மனனம் செய்த பிள்ளைக்கு மேடையில் ஒரு சொல் மறந்தால் முழுவதும் மறந்துவிடும். தன் சொல்லில் சொல்கிற பிள்ளை ஒரு சொல்லை விட்டாலும் அடுத்ததற்குப் போய்விடும்.

பதிவில் வருவதெல்லாம் மேடைக்கு ஏற்றதாக இருக்காது. பிள்ளைகளுக்கு வீட்டு இரகசியம் எல்லாம் தெரியும். "அம்மம்மா படுத்த பிறகு அம்மப்பா களவாக லட்டு சாப்பிடுவார்" என்பது கேட்க இனிமைதான். ஆனால் சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கிற மனிதரைப் பற்றிச் சபையில் சொன்னால், சபை சிரித்து முடித்த பிறகு வீட்டில் ஒரு வாரத்துக்கு அதே கதைதான். எதைவைப்பது, எதை விடுவது என்று தெரியவில்லையென்றால் ஒன்றை யோசியுங்கள்: இந்தக் கதையை அவரே சம்பந்தியோடு இருந்து சொல்லிச் சிரிப்பாரா? சிரிப்பார் என்றால் வைத்துக்கொள்ளலாம். வருத்தம், கடன், குடி, காணிப் பிரச்சினை, தலைக்குச் சாயம், கட்டுப்பல் ஆகியவை இந்தச் சோதனையில் தேறாது.

அறுபதில் இன்னொன்றும் உண்டு. அரச ஊழியருக்கு 60 வயதில் கட்டாய ஓய்வு என்பதால் மணிவிழாவும் ஓய்வும் ஒன்றாக வரும். "இனி நீங்கள் ஓய்வெடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளையைச் சொல்ல வைப்பது, நேற்றுவரை கந்தோருக்குப் போய்வந்தவரை மூலையில் இருத்துவதாகத்தான் கேட்கும். "வயோதிபம்", "தள்ளாத வயது", "முதுமை" என்ற சொற்களும் வேண்டாம். பல வீடுகளில் அறுபது வயதுக்காரர்தான் இன்னும் தேங்காய் உரிக்கிறார், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றி இறக்குகிறார்.

ஒரு வீட்டை எடுத்துப் பார்ப்போம்

உவர்மலையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மப்பா தபாற்கந்தோரில் இருந்து ஓய்வு பெறுகிறார். பேரப்பிள்ளைகள் நாலு பேர். இங்கே பதின்மூன்று வயது அக்கா, எட்டு வயதுத் தம்பி, நாலு வயதுச் சின்னவள். கனடா டொரொன்டோவில் மாமாவின் மகன், பத்து வயது. அவனுக்கு இவர் அப்பப்பா.

தம்பிக்குச் சித்தப்பா எழுதிக்கொடுத்த முதல் பேச்சு ஒரு பக்கம். அன்புக்கும் பண்புக்கும் இலக்கணம், ஆலமரம், கலங்கரை விளக்கம் எல்லாம் அதில் உண்டு. அதை ஒதுக்கி வைத்துவிட்டு அவனிடம் கேட்டபோது வந்தது இது: "வெள்ளிக்கிழமையில கோணேசர் கோயிலுக்கு சைக்கிளில போவம். கோட்டைக்குள்ள மான் நிக்கும். நிண்டா அம்மப்பா சைக்கிளை நிப்பாட்டுவார். நான் எவ்வளவு நேரம் பாத்தாலும் போவம் எண்டு சொல்லமாட்டார்."

இதில் சேர்க்க ஒன்றுமில்லை. ஃபிரட்ரிக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களைத் திருகோணமலையில் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். ஆகவே சபைக்கு அந்த இடம் உடனே கண்ணில் வரும். அம்மப்பாவின் பொறுமை என்ற குணம் பெயர் சொல்லாமலே தெரிந்துவிடுகிறது. செய்யவேண்டியது "நிப்பாட்டுவார்", "சொல்லமாட்டார்" என்பதை நேரே பேசுவதாக மாற்றுவது மட்டும். மேடைக்குப் போன வடிவம்:

"அம்மப்பா, வெள்ளிக்கிழமையில நாங்க கோணேசர் கோயிலுக்கு சைக்கிளில போவம். கோட்டைக்குள்ள மான் நிண்டா நீங்க சைக்கிளை நிப்பாட்டுவீங்க. நான் எவ்வளவு நேரம் பாத்தாலும் போவம் எண்டு சொல்லமாட்டீங்க. உங்களில எனக்கு நல்ல விருப்பம்."

கடைசி வரியையும் அவனே சொன்னான். "ஐ லவ் யூ" என்று முடிப்பதை விட அது அவன் வாயில் ஒட்டுகிறது. அட்டையில் ஆங்கிலத்தில் எழுதி இதயம் கீற விரும்பினால் கீறட்டும், தடுக்காதீர்கள்.

நாலு வயதுச் சின்னவளுக்கு இரண்டு வரி போதும்: "அம்மப்பா, நீங்க எனக்கு இரவில கதை சொல்லுவீங்க. அம்மம்மா சோறு தீத்துவா." சொல்லிவிட்டுக் கையிலிருக்கும் பூவை அம்மம்மாவிடம் கொடுத்தால் அவர் பங்கும் வந்துவிடுகிறது. சின்னவள் "தீத்துவா" என்பதை "ஊட்டுவார்" என்று திருத்தவே கூடாது.

பதின்மூன்று வயது அக்காவுக்கு விஷயம் வேறு. அந்த வயதில் பாசத்தைச் சபையில் காட்ட வெட்கம். நேரே "விருப்பம்" என்று சொல்லச் சொன்னால் தலையைக் குனிந்து முணுமுணுப்பாள். அவளிடம் ஒரு தகவலைக் கொடுத்துவிட வேண்டும், பாசத்தை அது சுமந்துகொண்டு போகும்:

"அம்மப்பா, நான் முதலாம் ஆண்டு போன நாளிலிருந்து என்னுடைய கொப்பிகளுக்கெல்லாம் உறை போட்டு, பெயர் எழுதித் தருவது நீங்கள்தான். தபால் கவரில் எழுதுகிற மாதிரி, ஒரு எழுத்தும் வரியை விட்டு இறங்காது. இப்போது தரம் எட்டில் படிக்கிறேன். நானே எழுதலாம். ஆனாலும் உங்களிடம்தான் கொண்டு வருவேன்."

இவள் எழுத்துத் தமிழில் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். அவளுக்கு அதுதான் வசதி, பேச்சுப் போட்டிகளில் பழகிய வயது. ஒரே மேடையில் தம்பி பேச்சுத் தமிழிலும் அக்கா எழுத்துத் தமிழிலும் பேசுவதில் ஒரு குறையும் இல்லை. ஒரே பிள்ளையின் பேச்சுக்குள் இரண்டும் கலந்தால்தான் காதுக்கு உறுத்தும்.

மூத்தவள் ஆனபடியால் வேண்டுதலும் வணக்கமும் அவளுடையவை. "அப்பப்பா, அம்மப்பா என்று நாங்கள் கூப்பிடுகிற உங்களுக்கும், அம்மம்மாவுக்கும், கோணேசப் பெருமானும் மாதுமை அம்பாளும் நல்ல சுகத்தைத் தர வேண்டும் என்று கும்பிடுகிறோம். நாங்கள் உங்கள் காலில் விழுந்து வணங்குகிறோம். எங்களை ஆசீர்வதியுங்கள்." கனடாவில் இருக்கிறவன் அம்மம்மாவை "அப்பம்மா" என்பான் என்று நினைவுக்கு வந்தால் அதையும் சேருங்கள். ஒரு சொல்தானே.

இதோடு "வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்" என்ற தொடரையும் போடலாமா என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். அதன் கருத்து சரியானது: சிறியவர் பெரியவரை வாழ்த்துவதில்லை, அவருக்காக இறைவனை வேண்டி அவரிடம் ஆசி கேட்பார். ஆனால் மேலே உள்ள முடிவே அதைச் செய்துவிடுகிறது. பதாகையில் எல்லாம் ஏறி இறங்கிய தொடரை மறுபடி சொல்ல வைப்பதால் ஒன்றும் கூடாது. "நூறாண்டு வாழ்க" என்பதிலும் கொஞ்சம் யோசியுங்கள். சொல்லலாம், தவறில்லை. கணக்கு வாத்தியார் ஒருவர் சபையில் இருந்தால் "இன்னும் நாற்பதுதானா" என்று பகிடி விடுவார். "பல்லாண்டு" என்றால் அந்தத் தொல்லை இல்லை.

மேடையில்

பேரப்பிள்ளைகளின் வாழ்த்து சடங்குக்கு நடுவில் வரக்கூடாது. ஐயரிடம் முதல் நாளே கேட்டு, மாலை மாற்றி ஆரத்தி எடுத்த பிறகு, சாப்பாட்டுக்கு முன்னால் ஓர் இடைவெளி வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு என்று தள்ளினால் சின்னதுகள் நித்திரையாகிவிடும், பாதிச் சபையும் எழும்பிப் போய்விடும். சடங்கு நீண்டு பிள்ளைகள் பசியில் சிணுங்குகிறார்கள் என்றால் பிஸ்கட்டும் தண்ணீரும் கொடுத்துவிட்டு ஏற்றுங்கள். பால், பாயாசம் வேண்டாம், பட்டுச் சட்டையில் ஊற்றிக்கொள்வார்கள்.

ஒரு பிள்ளைக்கு அரை நிமிடத்திலிருந்து முக்கால் நிமிடம், மொத்தமாக ஐந்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும். மேலே உள்ள தம்பியின் பேச்சு இருபத்தைந்து சொல் அளவில்தான் இருக்கிறது. அதை அவசரமில்லாமல் சொன்னால் அரை நிமிடத்துக்குள் அடங்கும். எழுதி முடித்ததும் ஒருமுறை பிள்ளையை வாசிக்க வைத்து மணி பாருங்கள். ஒரு நிமிடத்தைத் தாண்டினால் வெட்டவேண்டியது புகழ்ச்சியை, சம்பவத்தை அல்ல.

வரிசையில் சின்னவளை முதலில் பேச விடுங்கள். வயதுப்படி மூத்தவள் முதலில் என்று வைத்தால், கடைசி வரை மேடையில் காத்துக்கொண்டு நிற்கிற நாலு வயதுப் பிள்ளை மைக் வருகிறபோது அழத் தொடங்கியிருக்கும். மூத்தவள் கடைசியில் வந்து எல்லாருக்குமாக வணங்கி முடிப்பதில் மூப்புக்குரிய மரியாதையும் இருக்கிறது. இங்கே இருக்கிற மூன்று பேரும் தொடக்கத்திலிருந்தே ஒன்றாக நிற்கட்டும், ஒவ்வொருவராக ஏற்றி இறக்கினால் நேரம் போகும்.

மைக்கைப் பிள்ளையின் கையில் கொடுக்காதீர்கள். ஒரு பெரியவர் பக்கத்தில் குந்தியிருந்து, வாயிலிருந்து நாலு விரல் தூரத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். பிள்ளை வாயோடு ஒட்டிப் பிடித்தால் சத்தம் உடைந்து ஒன்றும் விளங்காது. மைக்கோடு ஒலிபெருக்கிக்கு முன்னால் போனால் கூவும், அந்தக் கூவலுக்கே சின்னது பயந்து ஓடிவிடும். தாளை மடித்துக் கையில் வைத்திருக்கட்டும், முதற் சொல்லை மட்டும் பெரிதாக எழுதிவிடுங்கள். நடுவில் நின்றுவிட்டால் பின்னாலிருந்து நாலு பேர் சொல்லிக்கொடுக்கத் தொடங்குவார்கள், அதைத் தடுப்பதற்கும் ஒருவரை ஒழுங்கு செய்யுங்கள். மைக் பிடிக்கிறவர் மட்டும் காதோடு ஒரு சொல் எடுத்துக் கொடுத்தால் போதும். அப்படியும் வராவிட்டால் "பூவைக் குடு" என்று சொல்லி அடுத்த பிள்ளைக்குப் போய்விடுங்கள். வற்புறுத்திச் சொல்ல வைத்த வாழ்த்தைக் கேட்க யாருக்கும் ஆசையில்லை.

காலில் விழும்போது தட்டில் அறுகரிசியும் விபூதியும் தயாராக இருக்க வேண்டும். அறுகரிசி போடுவது பெரியவர்கள். பேரப்பிள்ளைகள் அதை ஏற்றுக்கொள்கிறவர்கள். வரிசையில் முன்னால் போனவர்கள் போடுவதைப் பார்த்துப் பிள்ளைகளும் அள்ளிப் போடப் பார்ப்பார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். விழுவதற்கு முன்னால் மைக்கை நிறுத்திவிடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கிற பேரன்

திருகோணமலையில் காலை பத்து மணி என்றால், கோடை காலத்தில் டொரொன்டோவில் நள்ளிரவு பன்னிரண்டரை. பனிக்காலத்தில் இன்னும் ஒரு மணித்தியாலம் பின்னால், முதல் நாள் இரவு பதினொன்றரை. லண்டனில் கோடையில் விடிய ஐந்தரை. பத்து வயதுப் பிள்ளையை நித்திரையால் எழுப்பி நேரடி அழைப்பில் பேச வைப்பது சரிவராது. மண்டபத்தில் தொடர்பு விட்டுப் போனால் எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டு "கேக்குதா, கேக்குதா" என்று நிற்கவேண்டியதுதான். முன்கூட்டியே பதிவு செய்து எடுங்கள்.

அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டால் உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுப்பார்கள். அதில் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும். ஆகவே தாயோ தகப்பனோ அதே வரிகளைக் குரல் பதிவாகச் சொல்லி, அதைக் கேட்டுப் பழக வைப்பது நல்லது. பத்து வயதுக்காரனிடம் கேட்டபோது வந்தது: "அப்பப்பா, நான் போனில கதைக்கேக்க தமிழ் பிழைச்சாலும் நீங்க சிரிக்கிறேல்லை. திருப்பி ஒருக்கா சொல்லுங்கோ எண்டுதான் கேப்பீங்க." அவன் இதைப் பிழையான உச்சரிப்பில் சொன்னால்தான் இன்னும் பொருத்தம். பத்துத் தரம் எடுத்துத் திருத்தாதீர்கள்.

போனைக் கிடையாகப் பிடித்து, யன்னல் வெளிச்சம் பிள்ளையின் முகத்தில் விழும்படி, கை நீட்டும் தூரத்தில் எடுக்க வேண்டும். யன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்தால் முகம் கறுத்துப்போகும். வட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் தரம் குறைந்து மண்டபத் திரையில் மங்கும், ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். விழாவுக்கு முதல் நாளே அந்தத் திரையில் ஒருமுறை போட்டுச் சத்தத்தைப் பாருங்கள்.

அச்சடித்துச் சட்டம் போட்டுக் கொடுப்பதானால்

மேடையில் சொன்னதை அப்படியே அச்சடிக்கலாம். தனியாக ஒரு கவிதை தேடவேண்டியதில்லை. ஒவ்வொரு பிள்ளையின் வரிகளும் அதன் கீழ் பிள்ளையின் பெயரும், முடிந்தால் பிள்ளையின் கையெழுத்தும். தாளின் அளவு பதினெட்டுக்குப் பன்னிரண்டு அங்குலம் என்றால் சுவரில் மாட்ட அளவாக இருக்கும். எழுத்தை அந்தத் தாளில் 20 புள்ளிக்குக் குறையவிடாதீர்கள், அறுபது வயதில் கண்ணாடியைத் தேடாமல் வாசிக்க வேண்டும். எழுத்துக்குப் பின்னால் படத்தைப் போட்டு மங்க வைப்பது அச்சகங்களின் பழக்கம். படத்தை மேலேயோ ஓரத்திலோ போடச் சொல்லுங்கள்.

இங்கே அடிக்கடி சிக்குப்படுவது எழுத்துருவில். நீங்கள் போனில் தட்டிய தமிழ் யூனிகோட். அச்சகத்தில் பலர் இன்னும் பாமினி எழுத்துருவில் வேலை செய்கிறார்கள். உங்கள் வரிகளை அங்கே ஒட்டினால் பெட்டி பெட்டியாகவோ குழம்பிய எழுத்தாகவோ வரும். பிறகு அவர்கள் பார்த்துத் திரும்பத் தட்டுவார்கள், தட்டும்போது "நிண்டா" என்பதை "நின்றா" என்று திருத்திவிடுவார்கள், ஒரு பெயரில் கொம்பு விடுபடும். எழுதியதைப் பிடிஎப் ஆகவும் அனுப்பி, "எழுத்தை மாற்ற வேண்டாம், பேச்சு வழக்கு வேண்டுமென்றே போட்டது" என்று எழுதிவிடுங்கள். அடிக்க முன்னால் மாதிரியை வாங்கி, வரிகளை எழுதாத ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். எழுதியவர் கண்ணுக்குப் பிழை படாது.

பேரப்பிள்ளைகளின் பெயர்களை வயது வரிசைப்படி போடுங்கள், மகன் பிள்ளைகள், மகள் பிள்ளைகள் என்று பிரிக்காதீர்கள். கைக்குழந்தை இருந்தால் அதன் பெயரும் வர வேண்டும். பட்டியல் முடிந்ததும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு படம் அனுப்பி, பெயர் எழுத்தும் முதலெழுத்தும் சரியா என்று கேட்டுப் பதில் வாங்கிய பிறகுதான் அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.